ஒரே நாள், மூன்று டெமோ: மருத்துவமனைக்கு மென்பொருள் தேர்ந்தெடுப்பது எப்படி?

மாவட்டத் தலைநகர் ஒன்றில் 150 படுக்கைகள் கொண்ட அறக்கட்டளை மருத்துவமனை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஓபி சீட்டு முதல் டிஸ்சார்ஜ் பில் வரை எல்லாவற்றுக்கும் ஒரே மென்பொருள் வாங்க முடிவெடுத்திருக்கிறார்கள். பல நிறுவனங்கள் விண்ணப்பித்து, மூன்று மட்டும் கடைசிச் சுற்றுக்கு வந்திருக்கின்றன. இனி டெமோ பார்க்க வேண்டும்.

வழக்கமாக என்ன நடக்கிறது? முதல் நிறுவனம் திங்கட்கிழமை வந்து இரண்டு மணி நேரம் பேசுகிறது. இரண்டாவது நிறுவனம் பத்து நாள் கழித்து வருகிறது. அன்று தலைமை மருத்துவர் அறுவை சிகிச்சையில் இருப்பதால் அவருக்குப் பதில் வேறொருவர் உட்காருகிறார். மூன்றாவது நிறுவனம் வரும்போது முதல் டெமோவில் பார்த்தது பாதி மறந்துவிடுகிறது. ஒவ்வொருவரும் தங்கள் மென்பொருளில் எது அழகோ அதைத்தான் காட்டினார்கள். ஒருவர் வண்ண வரைபடங்களைக் காட்டினார், இன்னொருவர் செல்பேசிச் செயலியைக் காட்டினார், மூன்றாமவர் தங்கள் வாடிக்கையாளர் பட்டியலைக் காட்டினார். கடைசியில் குழு கூடிப் பேசும்போது மூன்றையும் ஒப்பிடப் பொதுவான அளவுகோல் எதுவும் இல்லை. யார் நன்றாகப் பேசினாரோ அவர் முன்னுக்கு வந்துவிடுகிறார்.

மூன்று நிறுவனங்களையும் ஒரே நாளில் அழைத்து, ஒரே அளவு நேரம் கொடுத்து, ஒரே வேலையைச் செய்யச் சொல்லி, ஒரே கேள்விகளைக் கேட்பது இதற்கு மாற்று. அந்த நாளின் வெற்றி, அதற்கு முந்தைய இரண்டு மூன்று வாரங்களில் மருத்துவமனை தானே உட்கார்ந்து எழுதும் ஒரு தாளைப் பொறுத்தது. அங்கிருந்தே தொடங்கலாம்.

விடை தெரிந்த கணக்கு

அந்தத் தாளில் ஒரு கற்பனை நோயாளியின் கதை இருக்க வேண்டும். ஒவ்வொரு நிறுவனமும் அந்த நோயாளியைத் தன் மென்பொருளில் பதிவு செய்து, சேர்த்து, சிகிச்சை கொடுத்து, பில் போட்டு அனுப்பிக் காட்ட வேண்டும். உண்மையான நோயாளிகளின் விவரங்களை இதற்குக் கொடுக்கக் கூடாது. 2023-ல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கட்டும், நம்மை நம்பி வந்தவரின் நோய் விவரத்தை மூன்று நிறுவனங்களின் மடிக்கணினியில் ஏற்றுவது முறையும் அல்ல.

கதை இப்படி இருக்கலாம். 54 வயதுப் பெண்மணி ஒருவர் திங்கள் காலை ஓபிக்கு வருகிறார். நான்கு ஆண்டுகளுக்கு முன் இதே மருத்துவமனைக்கு வந்தவர். பழைய சீட்டு இல்லை, செல்பேசி எண்ணும் மாறிவிட்டது. அதே பெயரில் இன்னும் இரண்டு பேர் பதிவேட்டில் இருக்கிறார்கள். அவருக்குப் புது எண் போடாமல் பழைய எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு பொது வார்டில் சேர்க்கப்படுகிறார். அட்வான்ஸ் 10,000 ரூபாய் கட்டுகிறார். புதன் காலை 11 மணிக்கு ஐசியூவுக்கு மாற்றப்பட்டு, அன்று இரவு 9 மணிக்கே வார்டுக்குத் திரும்புகிறார். பார்மஸி அவருக்கு 10 ஊசி மருந்துக் குப்பிகள் கொடுக்கிறது. நான்கு பயன்படாமல் திரும்பி வருகின்றன. லேபில் அவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு பரிசோதனை தவறாகப் பதிவாகிவிடுகிறது, அதை ரத்து செய்ய வேண்டும். காப்பீட்டு நிறுவனம் 5,000 ரூபாய் அனுமதிக்கிறது. வெள்ளி காலை 11 மணிக்கு வீடு திரும்புகிறார்.

இந்தக் கதையில் உள்ள ஒவ்வொரு திருப்பமும் மருத்துவமனையின் கவுன்ட்டரில் தினமும் தகராறு எழும் இடம். அப்படித்தான் கதையை எழுத வேண்டும். எல்லாம் ஒழுங்காகப் போகும் நோயாளியை எந்த மென்பொருளும் கையாளும். மருந்து திரும்புவதும், படுக்கை மாறுவதும், தவறான பதிவை நீக்குவதும்தான் மென்பொருள்களுக்கு இடையே வேறுபாட்டைக் காட்டும். இதைக் கண்டுபிடிக்க ஆலோசகர் தேவையில்லை. பில் கவுன்ட்டரில் இருப்பவரிடமும், இரவுப் பணி நர்ஸிடமும், பார்மஸிக்காரரிடமும் "உங்களுக்கு அடிக்கடி எங்கே சிக்கல் வருது?" என்று கேட்டால் அரை மணி நேரத்தில் கதை தயாராகிவிடும்.

அடுத்த வேலை கணக்குப் பிரிவினுடையது. இந்த நோயாளியின் சரியான பில் எவ்வளவு என்று டெமோவுக்கு முன்பே கையால் கணக்குப் போட்டு வைக்க வேண்டும். மருத்துவமனையின் விதி: ஒரு நாளுக்கு ஒரு படுக்கை வாடகைதான், அன்று படுக்கை மாறியிருந்தால் இரண்டில் உயர்ந்தது மட்டும், நண்பகலுக்கு முன் கிளம்பினால் அந்த நாளுக்கு வாடகை இல்லை. பொது வார்டு 1,500 ரூபாய், ஐசியூ 5,000 ரூபாய் என்றால், திங்கள், செவ்வாய், வியாழன் மூன்று நாளுக்கு 4,500, புதனுக்கு 5,000. குப்பி ஒன்று 180 ரூபாய் வீதம் பயன்படுத்திய ஆறுக்கு 1,080. லேப் கட்டணம் 2,300-ல் தவறான பரிசோதனையின் 400 போக 1,900. மருத்துவர் கட்டணம் 4,000. மொத்தம் 16,480 ரூபாய். அட்வான்ஸும் காப்பீடும் சேர்ந்து 15,000 போக, நோயாளி கட்ட வேண்டியது 1,480 ரூபாய்.

நிறுவனங்களுக்குக் கதையையும், கட்டணப் பட்டியலையும், விதிகளையும் அனுப்புகிறோம். விடையை மட்டும் நம்மிடம் வைத்துக்கொள்கிறோம். டெமோ நாளன்று திரையில் 17,980 ரூபாய் என்று மொத்தம் வந்தால், புதன்கிழமைக்கு வார்டு வாடகையும் ஐசியூ வாடகையும் சேர்த்துப் போட்டுவிட்டது என்று உடனே தெரியும். 17,200 என்றால் திரும்பிய மருந்து கழியவில்லை. பேச்சுத் திறமையால் இந்த வித்தியாசத்தை மறைக்க முடியாது.

முன்கூட்டியே போகும் கடிதம்

டெமோவுக்குப் பத்து நாள் முன்பு மூன்று நிறுவனங்களுக்கும் ஒரே கடிதம், ஒரே நேரத்தில் போக வேண்டும். கதை, மாதிரித் தரவு, நேர ஒதுக்கீடு, கேட்கப் போகும் பொதுக் கேள்விகள், ஒவ்வொரு பகுதிக்கும் எத்தனை மதிப்பெண் என்ற எடை ஆகிய எல்லாம் அதில் இருக்கும். எடையை ஏன் முன்பே சொல்ல வேண்டும்? டெமோ பார்த்த பிறகு எடையை நிர்ணயித்தால், மனதுக்குப் பிடித்தவர் எதில் வலுவோ அதற்கு நம்மை அறியாமலே எடையைக் கூட்டிவிடுவோம். அரசு மருத்துவமனையாக இருந்தால் இது கட்டாயமும்கூட. 1998-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின்படி, ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் சொன்ன அளவுகோல்களைக் கொண்டுதான் மதிப்பிட முடியும். டெமோவுக்கு மதிப்பெண் உண்டென்றால் அதையும் ஆவணத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.

கடிதத்தில் மூன்று நிபந்தனைகள் தெளிவாக இருக்க வேண்டும். ஒன்று, ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளில்தான் காட்ட வேண்டும். ஸ்லைடும் பதிவு செய்த வீடியோவும் கணக்கில் வராது. இரண்டு, கதையில் இல்லாத ஒரு படியை அன்று நாங்கள் கேட்போம், மூவருக்கும் அதே படிதான். மூன்று, ஒவ்வொரு படிக்கும் நான்கில் ஒரு பதிலைச் சொல்ல வேண்டும்: இப்போதே இருக்கிறது, அமைப்பை மாற்றினால் வரும், புதிதாக எழுதித் தர வேண்டும், இல்லை. "அடுத்த வெர்ஷனில் வந்துவிடும்" என்ற பதில் "இல்லை" என்ற கட்டத்தில்தான் எழுதப்படும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒரு நிறுவனம் சந்தேகம் கேட்டு எழுதினால், கேள்வியையும் பதிலையும் மூவருக்கும் அனுப்ப வேண்டும். கேட்டவர் பெயர் வேண்டாம். விலை மட்டும் இந்த நாளில் பேசப்படாது. அது தனி உறையில் வரும், டெமோ மதிப்பெண் கையெழுத்தான பிறகே திறக்கப்படும். விலை காதில் விழுந்துவிட்டால், மலிவானதன் குறைகள் சிறியதாகத் தெரியத் தொடங்கும்.

நாளின் நேர அட்டவணை

ஒரு நாளில் மூன்றுக்கு மேல் வேண்டாம். நான்கு நிறுவனங்கள் என்றால் அடுத்தடுத்த இரண்டு முற்பகல்களாகப் பிரிப்பது நல்லது. நான்காவது டெமோவைச் சோர்ந்த கண்கள்தான் பார்க்கும்.

ஒவ்வொரு நிறுவனத்துக்கும் 90 நிமிடம். அதில் நிறுவன அறிமுகத்துக்கு 5 நிமிடம், நோயாளியின் கதைக்கு 50, பொதுக் கேள்விகளுக்கு 20, குழுவினரின் விளக்கக் கேள்விகளுக்கு 10, அவர்கள் விரும்பியதைக் காட்ட 5. காலை 9.30-க்குக் குழு கூடி விதிகளை ஒருமுறை படிக்கிறது. முதல் டெமோ 10 மணி, இரண்டாவது 12 மணி, மதிய உணவுக்குப் பின் மூன்றாவது 2.30 மணி. ஒவ்வொரு டெமோவும் முடிந்ததும் குழு பக்கத்து அறைக்குப் போய் 15 நிமிடம் யாரோடும் பேசாமல் மதிப்பெண் எழுதுகிறது. அந்த நேரத்தில் அடுத்த நிறுவனம் கம்பிகளை இணைத்துக்கொள்கிறது. 4.30 முதல் 5.30 வரை விவாதம்.

அந்த 15 நிமிடத்தை எக்காரணம் கொண்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. டெமோ நீண்டு, தேநீர் தாமதமாகி, "சாயங்காலம் மொத்தமாப் போட்டுக்கலாம்" என்று யாராவது சொல்வார்கள். சாயங்காலம் நினைவில் தெளிவாக நிற்பது கடைசி டெமோ மட்டுமே. வரிசை மனதை எப்படி இழுக்கிறது என்பதற்கு பிரஸ்ஸல்ஸில் நடக்கும் குயீன் எலிசபெத் இசைப் போட்டி நல்ல சான்று. இறுதிச் சுற்றில் 12 கலைஞர்கள், நாளுக்கு இருவராக ஆறு நாள் வாசித்தார்கள். வரிசை குலுக்கல் முறையில்தான் முடிவானது. ஆகவே திறமைக்கும் வாசித்த நாளுக்கும் தொடர்பு இருக்கக் காரணமில்லை. ஆனாலும் முதல் நாள் வாசித்தவர்கள் பின்தங்குவதையும், பிந்திய நாட்களில் வாசித்தவர்கள் மேலிடம் பெறுவதையும் பொருளியல் அறிஞர்கள் ஃப்ளோரஸும் கின்ஸ்பர்க்கும் 1996-ல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். தேர்ந்த நடுவர்களுக்கே இது நேர்கிறது.

ஆகவே வரிசையைக் குலுக்கிப் போட்டே முடிவு செய்யுங்கள், மூன்று நிறுவனங்களின் ஆட்களும் காணொளி அழைப்பில் பார்க்கும்படி செய்தால் இன்னும் நல்லது. ஆனால் குலுக்கல் யார் மீதும் பாரபட்சக் குற்றச்சாட்டு வராமல் காக்குமே தவிர, வரிசையின் பாதிப்பை நீக்காது. அதைக் குறைப்பது, ஒவ்வொரு டெமோவுக்கும் சுடச்சுட எழுதும் மதிப்பெண்தான்.

நேரத்தைக் கவனிக்க ஒருவர் தனியாக வேண்டும். அவர் மதிப்பெண் போடாதவராக இருக்கட்டும். பத்து நிமிடம் இருக்கும்போது ஒருமுறை சொல்வார், முடிந்ததும் நிறுத்துவார். மின்சாரம் போனாலோ நம் புரொஜெக்டர் பழுதானாலோ இழந்த நேரத்தைத் திருப்பித் தர வேண்டும். அவர்களுடைய மென்பொருள் நின்றுபோனால் தர வேண்டியதில்லை, நின்றது என்பதும் ஒரு தகவல். புரொஜெக்டர், கம்பி, இணையம் மூன்றையும் முந்தின நாளே சோதித்துவிட்டால் இந்த வாக்குவாதம் பெரும்பாலும் வராது. நிறுவனத்தார் ஒருவரையொருவர் சந்திக்காதபடி காத்திருக்கும் இடம் தனித்தனியாக இருக்கட்டும். குழுவின் சாப்பாடு மருத்துவமனையின் செலவில்தான்.

ஒரே கேள்வி, ஒரே குரல்

பொதுக் கேள்விகள் ஐந்தாறு போதும். இருபது நிமிடத்தில் அவ்வளவுக்குத்தான் முழுப் பதில் கிடைக்கும். எங்கள் பழைய நோயாளிகளின் பதிவுகளை யார், எத்தனை நாளில் மாற்றித் தருவீர்கள், பாதியில் தவறினால் எப்படித் தெரியும்? ஞாயிறு இரவு பில் போட முடியாமல் நின்றால் யாரை அழைப்பது, அவர் எவ்வளவு நேரத்தில் எடுப்பார்? இங்கே அமர்ந்திருப்பவர்களில் யார் யார் நிறுவும் வேலைக்கு எங்களிடம் வருவார்கள்? எங்கள் அளவுள்ள மருத்துவமனைகளின் முழுப் பட்டியலைத் தருவீர்களா, அதிலிருந்து நாங்கள் தேர்ந்தெடுத்துப் பேசலாமா? ஒப்பந்தம் முடிந்தால் எங்கள் தரவு எந்த வடிவில் கைக்கு வரும், அதற்குத் தனிக் கட்டணம் உண்டா?

கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை வார்த்தைக்கு வார்த்தை எழுதிக்கொள்ளுங்கள். "தரவு உங்களுடையதுதான் சார்" என்பது பதில் ஆகாது. எக்ஸெல் கோப்பாகவா, ஸ்கேன் படங்களும் சேர்த்தா, எத்தனை நாளில் என்பதே பதில்.

மூவரிடமும் ஒரே ஆள், ஒரே வரிசையில், தாளைப் பார்த்துப் படிக்க வேண்டும். இது கொஞ்சம் செயற்கையாகத் தோன்றும். ஆனால் "பேக்கப் எல்லாம் எடுப்பீங்கதானே?" என்று ஒருவரிடமும், "போன வாரம் எடுத்த பேக்கப்பை இப்போ திரும்ப ஏத்திக் காட்டுங்க" என்று இன்னொருவரிடமும் கேட்டால் அவை இரண்டு வெவ்வேறு தேர்வுகள்.

இரண்டாவது டெமோவின்போது யாருக்காவது ஒரு நல்ல புதுக் கேள்வி தோன்றும். அதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். விளக்கத்துக்கான பத்து நிமிடத்தில் கேட்கட்டும். முடிவை மாற்றக்கூடிய கேள்வி என்றால், மறுநாள் மூவருக்கும் எழுத்தில் அனுப்பி, மூன்று நாளில் பதில் பெற வேண்டும். அதுவரை அந்தப் பதிலுக்கு யாருக்கும் மதிப்பெண் இல்லை.

முன்பே சொல்லாத அந்த ஒரு படியும் இங்கேதான் வருகிறது. பில் பாதி போட்டிருக்கும்போது இணைய இணைப்பை இரண்டு நிமிடம் துண்டிக்கச் சொல்லுங்கள். பாதிப் பில் அப்படியே இருக்கிறதா, காணாமல் போகிறதா, இணைப்பு வந்ததும் இரண்டு பில்லாகிறதா என்று பாருங்கள். நம் ஊர் மருத்துவமனையில் இது வாரந்தோறும் நடக்கக்கூடியது.

மதிப்பெண்ணும் மௌனமும்

குழுவில் ஏழு பேர் என்று கொள்வோம்: மருத்துவர், நர்ஸ், பார்மஸி, லேப், பில் கவுன்ட்டர், கணக்கு, கணினிப் பிரிவு. மூன்று டெமோவையும் முழுதாகப் பார்த்தவரின் மதிப்பெண் மட்டுமே செல்லும். ஒன்றைத் தவறவிட்டவர் கருத்துச் சொல்லலாம், மதிப்பெண் போட முடியாது. அதனால் நர்ஸின் ஷிப்ட்டையும் மருத்துவரின் அறுவை சிகிச்சைப் பட்டியலையும் பார்த்த பிறகுதான் தேதியைக் குறிக்க வேண்டும்.

மதிப்பெண் பூஜ்யம் முதல் மூன்று வரை இருந்தால் போதும், ஒவ்வொன்றுக்கும் பொருள் எழுதியிருக்க வேண்டும். மருந்து திரும்பும் படியை எடுத்துக்கொண்டால்: செய்ய முடியவில்லை என்றால் 0. பில்லில் கையால் திருத்திக் கழித்தால் 1. பார்மஸியில் திரும்பப் பெற்றதும் பில்லில் தானே கழிந்தால் 2. அதோடு அந்தக் குப்பிகள் அதே தொகுதி எண்ணோடும் காலாவதித் தேதியோடும் இருப்பில் சேர்ந்தால் 3. இப்படி எழுதிவிட்டால் "பரவாயில்லை", "சுமார்" என்ற சொற்களுக்கு வேலை இருக்காது.

விவாதத்துக்கு முன் எல்லாத் தாள்களும் கையெழுத்தோடு ஒருங்கிணைப்பாளரிடம் போய்விட வேண்டும். பேசிய பிறகு எழுதினால், முதலில் பேசியவரின் கருத்தைத்தான் ஏழு பேரும் எழுதுவார்கள். ஒரு கூட்டத்தில் பேச்சு தொடங்குமுன் ஒவ்வொருவரும் தம் நிலையைச் சுருக்கமாக எழுதிவிட வேண்டும் என்று உளவியலாளர் டேனியல் கானமன் பரிந்துரைத்தது இதனால்தான். நம் நிறுவனங்களில் இது இன்னும் அவசியம். பெரிய டாக்டர் "எனக்கு ரெண்டாவது பிடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டால், பில் கவுன்ட்டரில் இருக்கும் பெண் தனக்குத் தெரிந்த குறையைச் சொல்ல மாட்டார். அவர் முதலில் பேசட்டும், பெரிய டாக்டர் கடைசியில் பேசட்டும்.

விவாதத்தில் எல்லாவற்றையும் பேச வேண்டியதில்லை. ஒரே படிக்கு இருவர் போட்ட மதிப்பெண்ணில் இரண்டோ அதற்கு மேலோ வித்தியாசம் இருக்கும் இடங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தவறான லேப் பரிசோதனையை ரத்து செய்யும் படிக்கு நர்ஸ் 3 போட்டிருக்கிறார், கணக்காளர் 0 போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரே சொடுக்கில் பதிவு நீங்கியது நர்ஸுக்கு எளிதாகத் தெரிந்தது. யார் நீக்கினார், எப்போது, ஏன் என்ற தடயமே இல்லாமல் 400 ரூபாய் மறைந்ததைக் கணக்காளர் பார்த்தார். இருவர் பார்த்ததும் உண்மை. பேசிய பிறகு நர்ஸ் தன் மதிப்பெண்ணை மாற்ற விரும்பினால் பழையதை அழிக்காமல், பக்கத்தில் புதியதையும் காரணத்தையும் எழுத வேண்டும்.

இந்த நாள் சொல்லாதவை

டெமோவுக்கு வருபவர் அந்த நிறுவனத்தின் மிகத் தேர்ந்த ஆள். அவருடைய கணினியில் ஐம்பது நோயாளிகளின் தரவு இருக்கும். திங்கள் காலை ஓபியில் 300 பேர் வரிசையில் நிற்கும்போது அதே திரை எவ்வளவு வேகமாக வரும் என்று இந்த நாளில் தெரியாது. பிழை என்று அழைத்தால் எடுப்பார்களா என்பதும் தெரியாது. முதலாவதை அறிய, முன்னணியில் வந்தவரின் மென்பொருளை நம் ஊழியர்களே இரண்டு வாரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். இரண்டாவதை அறிய, அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் மருத்துவமனைக்கு நேரில் போய், நிர்வாகியிடம் மட்டுமல்லாமல் பில் கவுன்ட்டரில் இருப்பவரிடமும் பேச வேண்டும். இந்த இரண்டுக்கும் மதிப்பெண்ணில் இடம் ஒதுக்காமல் டெமோவுக்கே நூறும் கொடுப்பது தவறு.

முதல் இரண்டு இடங்களுக்கு இடையே 71, 69 என்று சிறு வித்தியாசம் வந்தால், அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏழு பேரில் ஓரிருவர் சில படிகளுக்கு மனம் மாறினாலே வரிசை மாறிவிடக்கூடும். அப்போது இருவரையுமே அடுத்த கட்டத்துக்கு அனுப்புவதுதான் நேர்மை. மாறாக 74, 52 என்று வந்தால் மூன்றாம் சுற்றுப் பேச்சுக்கு அவசியமில்லை.

எல்லாம் முடிந்தபின் கடிதமும், கதையும், விடைத்தாளும், ஏழு பேரின் மதிப்பெண் தாள்களும், ஒவ்வொரு நிறுவனமும் சொன்ன நான்கு வகைப் பதில்களும் ஒரே கோப்பில் சேர வேண்டும். தோற்ற நிறுவனம் காரணம் கேட்டால், அதன் மதிப்பெண்ணை மட்டும் படிவாரியாகக் காட்டலாம். வென்ற நிறுவனத்துக்கு அந்தக் கோப்பு இன்னும் முக்கியம். "இப்போதே இருக்கிறது" என்று டெமோவில் அவர்கள் சொன்ன ஒவ்வொரு வரியையும் ஒப்பந்தத்தின் இணைப்பாகச் சேர்த்து, கடைசித் தவணையை அந்த வரிகள் நம் மருத்துவமனையில் ஓடிக் காட்டிய பிறகே தருவதாக எழுதிக்கொள்ளுங்கள். 1,480 ரூபாய் என்ற அதே விடை நம் கவுன்ட்டரிலும் வர வேண்டும் என்பது அந்த இணைப்பின் முதல் வரியாக இருக்கட்டும்.